குறிப்பும் குறிப்புரையும்
இராசரட்டையின் அழிவு பற்றிய நான்கு கட்டுரைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தவணை ஒப்படையாக மாணவரிடம் வேண்டப்படும் எழுத்து வகைகளுள் குறிப்புரையோடு கூடிய உசாத்துணைப் பட்டியலும் ஒன்றாகும். ஒரு பொருள்பற்றி ஆய்விதழ்களில் வெளிவந்த கட்டுரைகள் சிலவற்றைப் படித்து, ஒவ்வொன்றின் வெளியீட்டு விவரத்தையும் முறைப்படி எழுதி, அதன்கீழ் நூறு அல்லது நூற்றைம்பது சொல்லளவில் ஒரு குறிப்புரை வரைதலே இதன் அமைப்பு. பார்வைக்கு இஃது எளிய வேலையாகத் தோன்றும். ஆயின், ஆசிரியர் கைக்கு வந்து சேரும் பட்டியல்களுட் பல, கட்டுரைச் சுருக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியவையாகவே காணப்படுகின்றன. சுருக்கம் வேறு, குறிப்புரை வேறு. ஒரு கட்டுரை கூறுவது யாது என்பதைச் சுருக்கம் சொல்லும். அக்கட்டுரை எதனை நாட்ட முயல்கின்றது, எச்சான்று கொண்டு நாட்டுகின்றது, அச்சான்று எவ்வளவு தூரம் தாங்கும், அதே பொருளை ஆராய்ந்த ஏனையோரோடு அஃது எவ்வாறு உடன்பட்டும் மாறுபட்டும் நிற்கின்றது என்பவற்றைக் குறிப்புரை சொல்லும்.

இவ்வேறுபாடு பட்டியலை எழுதும் இரவிலே தோன்றுவதன்று. கட்டுரையைப் படித்துக் குறிப்பெடுக்கும் பொழுதிலேயே அது தோன்றிவிடுகின்றது. குறிப்பிற் பதியாத ஒன்றைக் குறிப்புரை பின்னர் உண்டாக்கிக்கொள்ள முடியாது. இதனை ஈழத்து வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

அநுராதபுரத்தையும் பொலனறுவையையும் தலைநகராகக் கொண்டு, குளங்களாலும் கால்வாய்களாலும் தழைத்த இராசரட்டை ஏன் கைவிடப்பட்டது என்பது வரலாறு கற்கும் மாணவர்க்கு நன்கு அறிமுகமான வினா. இப்பொருளில் ஒப்படை எழுதும் ஒரு மாணவன் நான்கு கட்டுரைகளைப் படிக்கின்றான் என்று கொள்வோம். முதலாவது, 'ஜேர்னல் ஒப் ஏசியன் ஸ்டடீஸ்' என்னும் இதழில் 1957 பெப்ரவரியில் றோட்ஸ் மேர்பி எழுதிய 'பண்டை இலங்கையின் அழிவு'. இரண்டாவது, 'பாஸ்ட் அண்ட் பிரசன்ட்' என்னும் இதழில் 1959 ஏப்ரலில் எட்மண்ட் லீச் எழுதிய 'இலங்கையில் நீர்ப்பாசனச் சமுதாயம்'. மூன்றாவது, அதே இதழில் 1971 நவம்பரில் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன எழுதிய 'முன்னை இடைக்கால இலங்கையில் நீர்ப்பாசனமும் நீர்ப்பாசனச் சமுதாயமும்'. நான்காவது, தொல்லியல் அறிவியலுக்குரிய ஓர் இதழில் 2013இல் கிறிஸ்ரா கில்லிலாண்ட் என்பவர் வேறு சிலரோடு சேர்ந்து எழுதிய 'வறண்ட குளம்' பற்றிய கட்டுரை. இவற்றுள் முதல் மூன்றும் ஒரே வழக்கில் அடுத்தடுத்துப் பேசிய மூவரின் வாதங்களைப் போல்வன. நான்காவது, அவ்வழக்கிற் பின்னர் வந்து சேர்ந்த ஒரு நிலச்சான்று.

இனி, மாணவனின் குறிப்பேட்டை நோக்குவோம். மேர்பியின் பெயரின் கீழ், 'மலேரியா, படையெடுப்பு, மண்வளம், காலநிலை' என நான்கு சொற்கள் காணப்படுகின்றன. படித்த அன்று இந்நான்கு சொற்களும் அவனுக்குப் போதுமானவை. கட்டுரை முழுவதும் மனத்திலே நின்றது. மூன்று கிழமை கழித்துப் பட்டியல் எழுத அமரும்போது சொற்கள் மாத்திரமே எஞ்சியிருக்கின்றன. அவற்றைக் கொண்டு, 'இராசரட்டை மலேரியாவாலும் படையெடுப்பாலும் அழிந்தது என்று மேர்பி கூறுகின்றார்' என எழுதிவிடுகின்றான். மேர்பி செய்ததோ இதற்கு வேறானது. அழிவுக்குக் காரணமென முன்னோர் கூறியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்பதே அவர் கட்டுரையின் போக்கு. நீர்ப்பாசன அமைப்பை இடையறாது பேணுவதற்கு வேண்டிய ஒழுங்கான ஆட்சி குலைந்தமையிலேயே அவர் அழுத்தத்தை வைக்கின்றார். நோயை அவர் முதற்காரணமாகக் கொள்ளவில்லை. அமைப்புக் குலைந்த பின்னர் வந்து, மக்கள் மீண்டும் குடியேறுவதைத் தடுத்த ஒன்றாகவே கருதுகின்றார். ஆகவே, ஆசிரியர் ஆராய்ந்து பின்தள்ளிய ஒரு கருத்து, மாணவனின் பட்டியலில் அவ்வாசிரியரின் சொந்தக் கருத்தாக ஏறிவிட்டது.

இப்பிழை கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. குறிப்பெடுக்கும் முறையிலுள்ள குறையே இதற்கு வேர். ஒரு சொல்லைக் குறித்த மாணவன் அச்சொல்லின்பால் ஆசிரியர் கொண்ட நிலையைக் குறிக்கவில்லை. 'மலேரியா' என்பதன் பக்கத்தில், 'பிறர் கூற்று. மேர்பி முதற்காரணமாக ஏற்கவில்லை. பின்விளைவு' என்று ஐந்தாறு சொற்களைச் சேர்த்திருந்தால் போதும். ஆய்விதழ்க் கட்டுரை எழுதுவோர் தம் கருத்தைச் சொல்வதற்கு முன் பிறர் கருத்தை விரிவாகவும் நடுநிலையோடும் எடுத்துரைப்பது வழக்கம். அப்பகுதியிற் பல பக்கங்கள் செல்லலாம். விரைந்து படிப்போர் அதனையே கட்டுரையின் முடிபு என மயங்குவர். ஆதலின், குறிப்பேட்டில் எக்கூற்றுக்கும் முன்னால் 'யார் கூற்று' என்பது எழுதப்படல் வேண்டும்.

'யார் கூற்று' என்னும் வினாவுக்கு விடை மூன்று வகைப்படும்: ஆசிரியரின் சொற்களே அப்படியே பெயர்க்கப்பட்டவை, ஆசிரியரின் கருத்து, படித்தவனின் சொற்களில் அமைந்தது, படித்தவனின் சொந்த எண்ணம். இம்மூன்றும் குறிப்பேட்டில் ஒரே மையில், ஒரே வரியிற் கலந்துவிட்டால் பின்னர் அவற்றைப் பிரித்தெடுப்பது அரிது. முதல்வகைக்கு மேற்கோட்குறியும் பக்க எண்ணும், இரண்டாம் வகைக்குப் பக்க எண்ணும், மூன்றாம் வகைக்குச் சதுர அடைப்பும் இடுதல் போதிய வேறுபாட்டைத் தரும். லீச்சின் கட்டுரையில் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. அநுராதபுரத்துக் குளங்களுக்கு நீர் கொணர்ந்த கலாவெவக் கால்வாய் 55 மைல் நீளமானது என்கின்றார் அவர். அவ்வமைப்பின் கீழ்க்கோடியிலுள்ள திசாவெவ ஏறக்குறைய கி.மு. 300இல் முதன்முதல் அமைக்கப்பட்டது. மேற்கோடியிலுள்ள கலாவெவ அதற்கு ஏறக்குறைய 800 ஆண்டுகளின் பின் எழுந்தது. திருத்தங்களும் விரிவுகளும் மேலும் 600 ஆண்டுகளேனும் தொடர்ந்தன என்பது அவர் தரும் கணக்கு. மாணவனின் குறிப்பேட்டிலோ '1400 ஆண்டுகள்' என்று மட்டும் உள்ளது. பக்க எண் இல்லை, அடைப்பும் இல்லை. இவ்வெண் ஆசிரியர் தந்ததா, படித்தவன் கூட்டியதா என்பதை அவனே பின்னர் அறிய வழியில்லை. '[800 + 600 எனக் கூட்டியது]' என்ற ஒரு சிறு குறிப்பு இந்த ஐயத்தைத் தீர்த்திருக்கும்.

பக்க எண்ணைக் குறிப்பதிலும் இக்காலத்திற்கே உரிய ஓர் இடர் உண்டு. மாணவர் பலர் இதழின் அச்சுப் பிரதியைக் காண்பதில்லை. கணினித் திரையிற் படிமப் பிரதியையே படிக்கின்றனர். அப்பிரதியின் முன்னால் களஞ்சியத்தார் சேர்த்த முகப்புத்தாள் ஒன்று இருப்பதுண்டு. மேர்பியின் கட்டுரை இதழின் 181ஆம் பக்கத்திலே தொடங்கி 200இல் முடிகின்றது. முகப்புத்தாள் சேர்ந்த பிரதியில் திரை காட்டும் 5ஆம் பக்கம் உண்மையில் இதழின் 184ஆம் பக்கமாகும். குறிப்பேட்டில் 5 என்றும் பட்டியலில் 181 - 200 என்றும் எழுதும் மாணவன், கட்டுரையில் இல்லாத ஒரு பக்கத்தைச் சான்றாகக் காட்டியவனாகின்றான். இதழின் எண்ணிலும் இத்தகைய தடுமாற்றம் நேர்கின்றது. 'பாஸ்ட் அண்ட் பிரசன்ட்' தன் வெளியீடுகளைத் தொகுதியாகப் பகுக்காது தொடரெண்ணால் வழங்கியது. லீச்சின் கட்டுரை 15ஆம் இலக்க இதழிலும், குணவர்த்தனவின் கட்டுரை 53ஆம் இலக்க இதழிலும் உள்ளன. '15ஆம் தொகுதி' என்று எழுதுவது வழக்கத்தால் வரும் பிழை. இத்தகைய விவரங்களைக் கட்டுரையைத் திறந்தவுடனேயே குறிப்பின் தலைப்பில் எழுதிவிடுதல் நன்று.

இனிக் குறிப்பு, குறிப்புரையாக மாறும் இடத்துக்கு வருவோம். லீச்சின் கட்டுரைக்கு மாணவன் எழுதிய முதல் வரைவு பின்வருமாறு அமைகின்றது எனக் கொள்வோம்:

'இலங்கையின் நீர்ப்பாசனம் பற்றி லீச் இக்கட்டுரையில் விரிவாக எழுதியுள்ளார். கலாவெவக் கால்வாய் 55 மைல் நீளமானது என்பதை இதனால் அறிகின்றோம். கிராமங்களைப் பற்றியும் பல செய்திகள் உள்ளன. இஃது ஒப்படைக்கு மிகவும் பயனுள்ள கட்டுரையாகும்.'

இவ்வரைவிற் பொய் எதுவும் இல்லை. எனினும், இதனைப் படிப்போன் லீச் எதன்பொருட்டு இக்கட்டுரையை எழுதினார் என்பதை அறியான். 55 மைல் என்பது லீச்சின் முடிபன்று. அவர் வாதத்தின் ஓர் உறுப்பு. அவ்வாதம் யாது? பெரும் நீர்ப்பாசனம் உள்ள நாட்டில் அதனைக் கட்டி நடத்தப் பேரதிகாரம் கொண்ட மைய ஆட்சி தோன்றும் என்று கார்ல் விற்போகல் 1957இல் வெளியான தம் நூலில் வாதித்தார். இலங்கை அக்கோட்பாட்டுக்குப் பொருந்துமா என்பதே லீச்சின் வினா. ஒரே அரசின் திட்டப்படி ஒரே காலத்தில் எழாது, பல நூற்றாண்டுகளிற் சிறிது சிறிதாகச் சேர்ந்து வளர்ந்த ஓர் அமைப்பு, பேரதிகார ஆட்சி இருந்தமைக்குச் சான்றாகாது என்று அவர் கூறுகின்றார். ஆகவே, கால்வாயின் நீளத்தைக் காட்டிலும் அது வளர்ந்த கால அளவே அவ்வாதத்திற்கு உயிரானது. நீளத்தைக் குறித்துக் காலத்தை விட்ட குறிப்பு, எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதத்தை நழுவவிட்ட குறிப்பாகும். இதனை உணர்ந்து திருத்திய வரைவு இவ்வாறு அமையலாம்:

'நீர்ப்பாசனம் பேரதிகார ஆட்சியைத் தோற்றுவிக்கும் என்னும் விற்போகலின் கோட்பாடு இலங்கைக்குப் பொருந்துமா என்று இக்கட்டுரை வினவுகின்றது. கலாவெவ முதல் திசாவெவ வரையுள்ள அமைப்புப் பல நூற்றாண்டுகளிற் சிறிது சிறிதாக வளர்ந்தது என்பதும், கிராமக் குளங்கள் ஊரவராலேயே பேணத்தக்கவை என்பதும் ஆசிரியர் காட்டும் முதன்மைச் சான்றுகள். மானிடவியலாளரான இவர் 1954இல் நுவரகலாவியிலுள்ள புல்எலியக் கிராமத்திற் களஆய்வு செய்தவர். ஆதலின் கிராமக் குளம் பற்றிய பகுதி வலிமையுடையது. ஆயின், மெதுவாகக் கட்டப்பட்டது என்பதனால், கட்டி முடிந்த பேரமைப்பைப் பேணுவதற்கு மைய ஆட்சி வேண்டியதில்லை என்பது பெறப்படாது. அழிவின் காரணத்தை இக்கட்டுரை நேரே ஆராயவில்லை. எனினும், ஆட்சி குலைந்தமையே காரணம் என்னும் மேர்பியின் கருத்தை எடைபோடுவதற்கு இது வேண்டப்படும். குணவர்த்தன 1971இல் இக்கருத்தை மீளாய்வு செய்துள்ளார்.'

இத்திருத்தத்தில் வினா, சான்று, சான்றின் வலிமை, வாதத்தின் எல்லை, ஏனைக் கட்டுரைகளோடுள்ள தொடர்பு என ஐந்தும் ஒரு வரன்முறையில் வந்துள்ளன. 'பயனுள்ளது' என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. எதற்குப் பயன் என்பதே சொல்லப்பட்டுள்ளது. 'அழிவின் காரணத்தை நேரே ஆராயவில்லை' என்னும் வாக்கியம் சிறப்பாகக் கருதத்தக்கது. ஒப்படையின் தலைப்பு அழிவு பற்றியதாதலின், எடுத்த கட்டுரை எல்லாம் அழிவு பற்றியே பேசுகின்றன என்று எழுதிவிடும் மயக்கம் மாணவர்க்கு இயல்பு. கட்டுரையின் வினாவும் ஒப்படையின் வினாவும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்வதே குறிப்புரைக்கு நேர்மையைத் தருகின்றது.

தொடர்பு கூறுமிடத்து இன்னுமோர் எச்சரிக்கை வேண்டப்படும். மேர்பியின் கட்டுரையும் விற்போகலின் நூலும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை. இருவரும் மைய ஆட்சியின் இன்றியமையாமையைப் பேசுகின்றனர். இதனைக் கண்ட மாணவன், 'விற்போகலின் நூலைப் பின்பற்றி மேர்பி எழுதினார்' என்று எழுதத் துணியலாம். கருத்து ஒத்திருத்தல் ஒருவர் மற்றவரைப் பின்பற்றியமைக்குச் சான்றன்று. அந்த ஆண்டின் பெப்ரவரி இதழில் வந்த கட்டுரை அதற்கு முன்னரே எழுதி அனுப்பப்பட்டிருக்க வேண்டும். யார் யாரைப் படித்தார் என்பதைக் கட்டுரையின் அடிக்குறிப்புகளே காட்டும். அவற்றைப் பார்த்தபின்னரே 'பின்பற்றினார்', 'மறுத்தார்' என்னும் வினைகளைப் பயன்படுத்தல் தகும்.

குணவர்த்தனவின் கட்டுரையிற் காணவேண்டியது வேறொன்று. குளங்களும் அவற்றின் நீரால் வரும் வருவாயும் அரசன் ஒருவனிடமே குவிந்திருக்கவில்லை. விகாரைகளும் செல்வமும் செல்வாக்கும் உடைய தனியாரும் அவற்றிற் பங்குடையவராயிருந்தனர் என்பதை அவர் சாசனங்கள் முதலிய பழஞ் சான்றுகள் கொண்டு காட்டுகின்றார். இதனால் விற்போகலின் பேரதிகாரக் கோட்பாடு தளர்கின்றது. அதேவேளை, லீச் வரைந்த சித்திரமும் அப்படியே நில்லாது திருத்தம் பெறுகின்றது. 'குணவர்த்தன லீச்சை ஆதரிக்கின்றார்' என்றோ 'எதிர்க்கின்றார்' என்றோ ஒரே சொல்லில் எழுதுவது இக்கட்டுரைக்கு நீதி செய்வதாகாது. எங்கே உடன்பாடு, எங்கே மாறுபாடு என இரண்டு வாக்கியங்களேனும் வேண்டும். மேலும், அவர் ஆய்ந்தது முன்னை இடைக்காலத்தை என்பது தலைப்பிலேயே உள்ளது. ஆதியிலிருந்து பேசும் லீச்சின் கால எல்லையும் இவரது கால எல்லையும் ஒன்றல்ல என்பதைக் குறிப்புரை மறத்தலாகாது.

நான்காவது கட்டுரையே மாணவனை மிகுதியும் சோதிப்பது. அநுராதபுர நகரைச் சூழ்ந்த நிலப்பகுதியிலே குளங்களின் மண்ணடுக்குகளை ஆராய்ந்து, மணற்றுகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளிர்வு முறையால் ஆசிரியர்கள் காலம் கணித்தனர். அங்கு நீர்த்தேக்க அமைப்புகள் கி.மு. 400க்கும் கி.மு. 200க்கும் இடையில் தொடங்கின, கி.பி. 1100க்கும் 1200க்கும் இடையிற் பெரும்பாலும் பயனொழிந்தன. அதன்பின் நிலம் வெறுமையாகாது சிற்றளவான பயிர்ச்செய்கை நிகழ்ந்தது என்பவை அவர்தம் முடிபுகள். இவற்றைக் குறித்த மாணவன், 'சோழர் படையெடுப்பால் குளங்கள் அழிந்தன என்பதை இது நிரூபிக்கின்றது' என்று எழுதினால் என்ன ஆகும்? சோழர் அநுராதபுரத்தைக் கைப்பற்றியது 993இல். முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றியது 1070இல். குளங்கள் பயனொழிந்த காலமாகக் கட்டுரை கூறுவதோ அதற்கும் பிற்பட்ட நூற்றாண்டு. நீர்ப்பாசனப் பணிகளுக்குப் பெயர்பெற்ற முதலாம் பராக்கிரமபாகு பொலனறுவையில் ஆண்ட 1153 முதல் 1186 வரையான காலமும் அந்நூற்றாண்டினுள்ளேயே அடங்குகின்றது. இவை முரண்போலத் தோன்றினும் முரணாக வேண்டியதில்லை. ஆய்வுக்குட்பட்டது அநுராதபுரச் சூழல், அரசனின் தலைநகரோ பொலனறுவை. ஓரிடத்து முடிபை இராசரட்டை முழுவதற்கும் விரித்தல் கூடாது என்பதையே இது காட்டுகின்றது. மண்ணடுக்கு, குளம் எப்பொழுது கைவிடப்பட்டது என்பதைச் சொல்லுமேயன்றி, யாரால் என்பதைத் தானாகச் சொல்லாது.

ஈழத்தில் இக்கருத்து ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. படையெடுத்து வந்தவர் யார், அழித்தவர் யார் என்னும் பேச்சு இந்நாட்டு மக்களிடையே மனக்கசப்பை வளர்க்கவும் பயன்பட்டுள்ளது. நான்கு அறிஞர் வரையறைகளோடு எழுதிய கருத்துகள், வரையறை நீங்கிய ஒற்றை வாக்கியங்களாக மாணவரின் பட்டியலிலிருந்து ஒப்படைக்கும், ஒப்படையிலிருந்து பின்னொருநாள் அவர் கற்பிக்கும் வகுப்பறைக்கும் செல்வனவாயின், அறிஞர் சொல்லாத குற்றச்சாட்டு ஒன்று அறிஞர் பெயராலேயே நிலைபெற்றுவிடும்.

இறுதியாக, பட்டியலின் வரிசை. ஆசிரியரின் குடும்பப் பெயரை அகரவரிசையில் வைப்பதே பெருவழக்கு. ஆங்கில எழுத்து வரிசைப்படி அடுக்கினால் கில்லிலாண்ட், குணவர்த்தன, லீச், மேர்பி என வரும். அஃதாவது 2013, 1971, 1959, 1957 என்று காலம் தலைகீழாகின்றது. தமிழ் வரிசையிலோ மேர்பி லீச்சுக்கு முன்வருவார். அதுவும் கால ஒழுங்காகாது. மேலிருந்து கீழே படிப்போன் வினாவுக்கு முன் விடையையும், வாதத்துக்கு முன் மறுப்பையும் காண்கின்றான். இதற்காக வரிசையை மாற்றவேண்டுவதில்லை. ஆனால், ஒவ்வொரு குறிப்புரையும் தான் எதற்கு விடையாக எழுந்தது, தனக்கு விடை கூறியது எது என்பதை ஆண்டோடு சுட்டுதல் வேண்டும். வரிசை குலைத்த உரையாடலை அச்சுட்டுகளே மீட்டுத் தருகின்றன.

முடிந்த பட்டியலைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. குறிப்புரைகளிலிருந்து ஆசிரியர் பெயர்களை மறைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் வேறொரு கட்டுரையின் கீழ் மாற்றி வைத்துப் பார்த்தல் வேண்டும். மேற்காட்டிய முதல் வரைவை மேர்பியின் கீழ் வைத்தாலும், 55 மைல் என்னும் எண் ஒன்றைத் தவிர, வேறெதுவும் இடறாது. திருத்திய வரைவோ லீச்சின் கட்டுரையை விட்டு வேறெங்கும் பொருந்தாது. அவ்வாறு பொருந்தாமையே குறிப்புரை தன் பணியைச் செய்துவிட்டது என்பதற்கு அடையாளமாகும்.